இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் ரகசியம் எப்படி வருகிறது?

கேள்வி: "பகா எண் பள்ளியில் படித்தது. வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க் வெப்சைட் எல்லாம் ரகசியமாக இருக்கப் பெரிய பகா எண்கள்தான் காரணம் என்கிறார்கள். ஒரு எண் எப்படி மெசேஜை மறைக்கும்? பெரிய பகா எண்களை எல்லாம் யாராவது முன்பே லிஸ்ட் போட்டு வைத்திருந்தால் அவ்வளவுதானே?"

பகா எண் தனியாக எதையும் மறைப்பதில்லை. இரண்டு பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊரறியச் சொல்லிவிட்டு, பெருக்கிய இரண்டையும் சொல்லாமல் வைத்துக்கொள்வதில்தான் ரகசியம் இருக்கிறது. லிஸ்ட் போடுவது ஏன் நடக்காது என்பதற்குக் கணக்கோடு பதில் உண்டு. அதற்கு முன்னால் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதைச் சின்ன எண்களை வைத்துக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம்.

1-ஐவிடப் பெரிய ஒரு முழு எண்ணை, 1-ஆலும் அந்த எண்ணாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்றால் அது பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். 91 பகா எண் போலத் தோன்றும், ஆனால் அது 7 × 13. பகா எண் அல்லாத எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 360 என்றால் 2 × 2 × 2 × 3 × 3 × 5. எந்த வழியில் பிரிக்க ஆரம்பித்தாலும் கடைசியில் இதே கூட்டம்தான் மிஞ்சும். 1-ஐப் பகா எண்ணாகச் சேர்க்காததற்கும் இதுவே காரணம்: அதைச் சேர்த்தால் எத்தனை 1 வேண்டுமானாலும் பெருக்கிக்கொண்டே போகலாம், 'ஒரே விதம்' என்பது போய்விடும். இந்த ஒரே விதம் நம் பூட்டுக்கு மிக முக்கியம். 253 என்பது 11 × 23 மட்டுமே. வேறு இரண்டு எண்களைக் கொண்டு உள்ளே நுழைய வழி கிடையாது.

இப்போது 89 × 97 எவ்வளவு என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். அதையே திருப்பி, 8633 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால், 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டும். 23 பகா எண்கள் தோற்றபின், 24-ஆவதான 89-இல்தான் மீதியில்லாமல் வரும். பெருக்குவதற்கும் பிரிப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாடு, எண்கள் நீளமாக ஆக மிக வேகமாக விரிகிறது. தலா 309 இலக்கம் உள்ள இரண்டு எண்களைச் சாதாரண போன் கண்ணிமைப்பதற்குள் பெருக்கிவிடும். விடையாக வரும் 617 இலக்க எண்ணைத் திரும்பப் பிரிக்க, இன்று உலகத்தில் யாரும் வெளிப்படையாகச் செய்துகாட்டிய வழி எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பூட்டாக மாற்றியது ஆர்எஸ்ஏ என்ற முறை. 1977-இல் எம்ஐடியில் இருந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கினார்கள், அவர்களுடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் இந்தப் பெயர். பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற கணிதவியலாளர் 1973-லேயே இதே யோசனைக்கு வந்திருந்தார். அது ரகசியமாகவே வைக்கப்பட்டு 1997-இல்தான் வெளியே வந்தது. அவர்கள் தீர்க்க நினைத்த சிக்கல் இதுதான். அதற்கு முந்தைய எல்லாச் சங்கேத முறைகளிலும் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ஒரே சாவி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நேரில் சந்தித்தே இராத இரண்டு பேர், நடுவில் எல்லாரும் ஒட்டுக்கேட்கும் கம்பியில், அந்தச் சாவியை எப்படிப் பரிமாறிக்கொள்வது? உங்கள் போனும் பேங்க் சர்வரும் முதல்முறை பேசும்போது இருக்கும் நிலை இதேதான்.

11, 23 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 253. இதை எல்லாருக்கும் சொல்லிவிடலாம். அடுத்து, இரண்டிலிருந்தும் ஒன்றொன்று கழித்துப் பெருக்குங்கள்: 10 × 22 = 220. இதைச் சொல்லக் கூடாது. இனி 220-உடன் பொதுக் காரணி இல்லாத ஒரு சிறிய எண் வேண்டும். 3 போதும். இதையும் எல்லாருக்கும் சொல்லலாம். ஆகப் பொதுச் சாவி என்பது (253, 3). தனிச் சாவிக்கு, 3-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்ணைத் தேட வேண்டும். 3 × 147 = 441, அது 2 × 220 + 1. எனவே தனிச் சாவி 147. இது உங்களிடம் மட்டும் இருக்கும்.

கணினியில் எந்த எழுத்தும் ஏற்கெனவே ஓர் எண்தான். 'அ' என்ற எழுத்துக்கு யூனிகோடில் 2949. ஆகவே செய்தி என்றாலே எண்களின் வரிசை என்று வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒருவர் 42 என்ற எண்ணை அனுப்ப விரும்புகிறார் என்போம். அவர் உங்கள் பொதுச் சாவியை எடுத்து, 42-ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 74088. அதை 253-ஆல் வகுத்தால் மீதி 212. கம்பியில் போவது இந்த 212 மட்டும். நடுவில் இருப்பவருக்கு 253, 3, 212 மூன்றும் தெரியும், ஆனால் 42 தெரியாது. நீங்கள் 212-ஐ 147 முறை பெருக்கி, 253-ஆல் வகுத்த மீதியைப் பார்க்கிறீர்கள். 42 வந்து நிற்கிறது.

147 முறை பெருக்குவது மலைப்பாகத் தோன்றலாம். உண்மையில் பத்துப் பெருக்கலே போதும். ஒவ்வொரு முறையும் முன்பு கிடைத்ததை அதனாலேயே பெருக்கி, உடனே 253-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் வளரவே வளராது. 212-இன் 2-ஆம் அடுக்குக்கு மீதி 163, 4-ஆம் அடுக்குக்கு 4, பிறகு 8-க்கு 16, 16-க்கு 3, 32-க்கு 9, 64-க்கு 81, 128-க்கு 236. 147 என்பது 128 + 16 + 2 + 1. ஆகவே 236, 3, 163, 212 நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கி மீதி எடுத்தால் 202, 36, 42 என்று இறங்கும். இந்த வர்க்கப்படுத்தும் உத்தி இல்லையென்றால் 309 இலக்க எண்களோடு ஆர்எஸ்ஏ நடக்கவே நடக்காது. பைத்தானில் பார்க்க விரும்பினால் இவ்வளவுதான்:

```
p, q = 11, 23
n = p * q
d = pow(3, -1, (p - 1) * (q - 1))
c = pow(42, 3, n)
print(d, c, pow(c, d, n))
```

`147 212 42` என்று அச்சாகும். பைத்தான் 3.8 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், பழையதில் அந்த `-1` அடுக்கு ஏற்கப்படாது.

இது ஏன் திரும்பி வருகிறது என்பதில்தான் பகா எண்ணுக்கு உண்மையான வேலை. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன ஒரு விதி உண்டு: p பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 முறை பெருக்கி p-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. 11-க்கு 10 முறை, 23-க்கு 22 முறை. 220 என்பது இந்த இரண்டுக்கும் மடங்கு, 440-உம் அப்படியே. ஆக 441 முறை பெருக்கினால் முதல் 440 பெருக்கல் 1-ஆகக் கரைந்து, மிஞ்சுவது செய்தி மட்டும். அனுப்பியவர் 3 முறை, நீங்கள் 147 முறை, சேர்த்து 441.

எடுத்த எண்களில் ஒன்று பகா எண் இல்லாமல் போனால் என்ன ஆகும்? தெரியாமல் 9-ஐயும் 11-ஐயும் எடுத்தோம் என்போம். பெருக்கல் 99, அடுத்தது 8 × 10 = 80, பொதுச் சாவி 3, தனிச் சாவி 27. கணக்கெல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். 2-ஐ அனுப்புங்கள்: 8 என்று மாறிப் போகும். 8-ஐ 27 முறை பெருக்கி 99-ஆல் வகுத்தால் 2-க்குப் பதில் 35 வரும். பூட்டியது திறக்காது. ஆகவே எடுத்த எண் பகா எண்தானா என்று சோதிப்பது, எதிரிக்காக மட்டும் செய்யும் ஏற்பாடு அல்ல. அது இல்லாமல் முறையே நடக்காது.

எதிரியின் பக்கம் வருவோம். அவருக்கு 147 வேண்டும். அதற்கு 220 வேண்டும். 220-க்கு 11-உம் 23-உம் வேண்டும். பிரிக்காமலே 220-ஐ மட்டும் எப்படியாவது தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். தெரிந்துகொண்டால் அவர் பிரித்துவிட்டதாகவே அர்த்தம்: 253 − 220 + 1 = 34 என்பது இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 34-இன் வர்க்கத்திலிருந்து 4 × 253-ஐக் கழித்தால் 144, அதன் வர்க்கமூலம் 12, அது இரண்டின் வித்தியாசம். கூட்டுத்தொகை 34, வித்தியாசம் 12 என்றால் 23-உம் 11-உம். இது நிரூபிக்கப்பட்ட, சந்தேகமில்லாத விஷயம். சந்தேகம் அடுத்த படியில் வருகிறது: தனிச் சாவியைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல், 212-இலிருந்து நேரே 42-ஐ எடுக்கும் வேறு ஏதாவது குறுக்கு வழி இருக்கிறதா என்பது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.

பிரிப்பது உண்மையிலேயே கடினமா என்பதும் அப்படித்தான். கடினம் என்று நிரூபணம் கிடையாது. இத்தனை ஆண்டுகள் பலர் முயன்றும் வேகமான வழி கிடைக்கவில்லை என்பது மட்டுமே ஆதாரம். அந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் ஆர்எஸ்ஏவை அறிமுகப்படுத்தியபோது, 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, அதைக் கொண்டு பூட்டிய செய்தியைத் திறப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய முறைகளில் அதைப் பிரிக்க 4-க்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும் என்ற மதிப்பீடும் அதோடு வந்தது. 1994 ஏப்ரலில், 17 ஆண்டுகளிலேயே, இணையத்தின் வழியே சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் அதைப் பிரித்துவிட்டன. கணினிகள் வேகமானது பாதிக் காரணம்தான். இன்னொரு பாதி, இருபடிச் சல்லடை என்ற புதிய வழி இடையில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறிய பகா எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பவர்கள் யாரும் இந்தத் துறையில் இல்லை. அதனால் 'ஒவ்வொன்றாக வகுத்தால் பிரபஞ்சத்தின் ஆயுளைவிட அதிக காலம் ஆகும்' என்று எங்காவது படித்தால் அதைப் பாதுகாப்புக்கான வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பிட வேண்டியது இருப்பதிலேயே சிறந்த வழியோடு.

இன்று அந்தச் சிறந்த வழி எண்புலச் சல்லடை. அதைக் கொண்டு 2020 பிப்ரவரியில் ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணைப் பிரித்தார்கள். ஒரே ஒரு பிராசசர் கோர் தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை அது. அந்த எண் 829 பிட் நீளம். இப்போது வழக்கத்தில் இருக்கும் குறைந்தபட்ச ஆர்எஸ்ஏ சாவி 2048 பிட், அதாவது 617 இலக்கம். அதைப் பிரிப்பது ஏறத்தாழ 2-இன் 112-ஆம் அடுக்கு அளவு முயற்சிக்குச் சமம் என்பது அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் கணக்கு. ஒரு முக்கியக் குறிப்பு: இலக்கத்தை இரட்டித்தால் கடினம் இரட்டிப்பதில்லை, அதைவிட மிக வேகமாக ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு மடங்கு என்ற வேகத்திலும் ஏறுவதில்லை. அதனால்தான் ஏஇஎஸ் போன்ற ஒற்றைச் சாவி முறைக்கு 128 பிட் போதும்போது ஆர்எஸ்ஏவுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது.

இனி லிஸ்ட் விஷயம். 2048 பிட் சாவிக்குத் தலா 1024 பிட் நீளமுள்ள இரண்டு பகா எண்கள் வேண்டும். அந்த நீளத்தில் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை 1896-இல் நிரூபிக்கப்பட்ட பகா எண் தேற்றத்தைக் கொண்டு நல்ல துல்லியத்தோடு சொல்ல முடியும்: ஏறத்தாழ 710 எண்ணுக்கு ஒன்று. மொத்தம் 1-க்குப் பின்னால் 305 பூஜ்யம் போட்ட அளவு. நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தில் அணுக்களின் எண்ணிக்கைக்குச் சொல்லப்படும் மதிப்பீடு சுமார் 80 பூஜ்யம். ஓர் அணுவில் ஒரு பகா எண் எழுதி வைத்தாலும் லிஸ்டின் ஒரு மூலைகூட நிரம்பாது. 'உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு' என்று அவ்வப்போது வரும் செய்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 என்ற எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். சாவிக்கு அது உதவாது. அளவு பெரிது என்பது ஒரு பக்கம், அது எல்லாருக்கும் தெரிந்த எண் என்பதே முதல் குறை. சாவிக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத, ஊகிக்க முடியாத பகா எண்.

அப்படிப்பட்ட ஒன்றைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், தற்செயலாக ஓர் எண்ணை எடுத்து, பகா எண்ணா என்று சோதித்து, இல்லையென்றால் அடுத்ததை எடுக்கிறது. அவ்வளவுதான் வழி. இரட்டை எண்களை விட்டுவிட்டால் சராசரியாக 355 எண்ணுக்கு ஒன்று கிடைத்துவிடும். சோதிக்க எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இதில் வியப்பான பகுதி. முன்பு பார்த்த ஃபெர்மா விதியைத் திருப்பிப் போடுங்கள்: 2-ஐ n − 1 முறை பெருக்கி n-ஆல் வகுத்தபோது மீதி 1 வராவிட்டால், n நிச்சயம் பகா எண் இல்லை. காரணிகள் எவை என்று தெரியாமலே இது தெரிந்துவிடுகிறது.

ஆனால் மீதி 1 வந்தால் பகா எண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில எண்கள் ஏமாற்றும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனோடு சேர்த்து எல்லாருக்கும் நினைவிருக்கும் 1729 அப்படிப்பட்ட ஒன்று. அது 7 × 13 × 19, இருந்தும் அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை எடுத்து 1728 முறை பெருக்கினாலும் மீதி 1 தான் வரும். இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். நிரல்களில் உண்மையில் ஓடும் மில்லர்-ராபின் சோதனை இந்த ஓட்டையை அடைக்கிறது. 1728 என்பது 27-ஐ ஆறு முறை இரட்டித்தது. ஆகவே நேரே 1728-க்குப் போகாமல், 2-இன் 27-ஆம் அடுக்கில் தொடங்கி ஒவ்வொரு படியாக வர்க்கப்படுத்திப் போகிறது. 1729-ஆல் வகுத்த மீதி முதலில் 645, அடுத்து 1065, அதற்கடுத்து 1. இங்கேதான் பிடிபடுகிறது. பகா எண்ணின் உலகத்தில், வர்க்கப்படுத்தினால் 1 தரும் எண்கள் இரண்டே இரண்டு: 1, அல்லது மீதியாக 1728, அதாவது −1. 1065 இரண்டுமே இல்லை, இருந்தும் அதன் வர்க்கம் 1 தருகிறது. எனவே 1729 பகா எண் அல்ல.

பகா எண் அல்லாத ஓர் எண், தற்செயலாக எடுத்த ஒரு தொடக்க எண்ணைக் கொண்டு மில்லர்-ராபினை ஏமாற்றும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல் போகாது என்பது நிரூபிக்கப்பட்டது. 40 தொடக்க எண்களால் சோதித்தால், தவறும் வாய்ப்பு 2-இன் 80-ஆம் அடுக்கில் ஒன்று. ஆகவே உங்கள் பேங்கின் சாவியில் இருப்பவை பெரும்பாலும் 'ஏறத்தாழ நிச்சயமாகப் பகா எண்கள்'. துளியும் ஐயமில்லாமல், அதேசமயம் நியாயமான வேகத்தில் சொல்லும் வழி இருக்கிறதா என்பது நெடுங்காலம் திறந்த கேள்வியாக இருந்தது. 2002-இல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் உண்டு என்று காட்டினார்கள். கணிதத்தில் அது பெரிய முடிவு. சாவி உருவாக்கும் நிரல்களில் அதைப் பயன்படுத்துவதில்லை, மில்லர்-ராபினோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது என்பதுதான் காரணம். உங்கள் கணினியில் ஓபன்எஸ்எஸ்எல் இருந்தால் இந்தத் தேடலை நேரிலேயே பார்க்கலாம், முடிய ஒரு நொடிகூட ஆகாது:

```
openssl prime -generate -bits 1024
```

கணிதம் இவ்வளவு உறுதியாக இருக்கும்போது நடைமுறையில் எங்கே உடைகிறது? 'தற்செயலாக ஓர் எண்ணை எடுத்து' என்ற சொற்களில்தான். கணினிக்குத் தற்செயல் என்பது தானாக வராது. விசைப்பலகை தட்டும் நேரம், டிஸ்க் ஓடும் நேரம், நெட்வொர்க் பாக்கெட் வரும் நேரம் என்று சிதறலான தகவல்களைச் சேர்த்துத்தான் அது தற்செயல் எண் உருவாக்குகிறது. ஒரு ரௌட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் முறை ஆன் செய்யும்போது அதற்கு விசைப்பலகை இல்லை, டிஸ்க் இல்லை, ஆனால் சில நொடிகளிலேயே சாவி உருவாக்கிவிடுகிறது. ஒரே மாடல் ரௌட்டர்கள் பல ஒரே நிலையிலிருந்து தொடங்கி, முதல் பகா எண்ணாக ஒரே எண்ணை எடுத்துவிடலாம். இரண்டாவதை எடுப்பதற்குள் ஏதோ ஒரு தகவல் வந்து சேர்ந்து, அது மட்டும் வேறாகிவிடுகிறது.

இது எவ்வளவு ஆபத்து என்று சின்ன எண்ணில் பாருங்கள். ஒரு ரௌட்டரின் பொதுச் சாவி 253, இன்னொன்றின் பொதுச் சாவி 667. இரண்டையும் தனித்தனியே பிரிக்க முயலவே வேண்டாம். பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடித்ததுபோல், பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போங்கள்: 667-ஐ 253-ஆல் வகுத்தால் மீதி 161, 253-ஐ 161-ஆல் வகுத்தால் 92, அடுத்து 69, அடுத்து 23, அது 69-ஐ மீதியில்லாமல் வகுத்துவிடுகிறது. பொதுக் காரணி 23. ஆக 253 = 23 × 11, 667 = 23 × 29, இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டன. இந்த வகுத்தல் 617 இலக்க எண்களுக்கும் மிகமிக வேகமானது. 2012-இல் நாடியா ஹெனிங்கரும் உடன் ஆய்வாளர்களும் இணையம் முழுவதிலிருந்தும் பொதுச் சாவிகளைச் சேகரித்து, ஒன்றோடொன்று இப்படி ஒப்பிட்டார்கள். இணைய இணைப்புகளைப் பூட்டும் டிஎல்எஸ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்திய கருவிகளில் 0.5 சதவீதத்தின் தனிச் சாவிகள் அவர்கள் கைக்கு வந்தன. பெரும்பாலும் ரௌட்டர், ஃபயர்வால் போன்ற, திரையோ விசைப்பலகையோ இல்லாத பெட்டிகள். ஒவ்வொரு சாவியையும் தனியாகப் பார்த்தால் குறையே தெரியாது என்பதுதான் இதில் கவலைக்குரியது. நீளம் சரி, பகா எண்கள் சரி. அடுத்த சாவியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு தவறு, மேலே நாம் செய்ததைப்போல் செய்தியை அப்படியே அடுக்குக்கு ஏற்றுவது. 253, 3 என்ற சாவியில் 5-ஐ அனுப்பினால் 125 போகும். அது 253-ஐத் தாண்டவே இல்லை, ஆகவே கனமூலம் எடுத்தாலே 5 வந்துவிடும். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதோடு, ஒரே செய்தி எப்போதும் ஒரே எண்ணாக மாறுவதால், 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றுதான் பதில் என்று தெரிந்தவர், இரண்டையும் தாமே பொதுச் சாவியால் பூட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அதனால் உண்மையான நிரல்களில் செய்தியோடு தற்செயல் எண்களைக் கலந்து, சாவியின் முழு நீளத்துக்கு நிரப்பிய பிறகே பூட்டுகிறார்கள். 3-க்குப் பதிலாக 65537-ஐ எடுப்பதும் வழக்கம். நான் மேலே காட்டியது முறையின் எலும்புக்கூடு, அதை எழுதி உண்மையான செய்தி எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வியில் இருந்த வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உங்கள் மெசேஜைப் பூட்டுவது பகா எண் பெருக்கல் அல்ல, ஏஇஎஸ் என்ற வேகமான ஒற்றைச் சாவி முறை. பகா எண் கணிதத்தின் வேலை, அந்த ஒற்றைச் சாவியை இரண்டு போன்களும் ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாமல் ஒப்புக்கொள்ள வைப்பது. வெப்சைட்களிலும் அப்படித்தான். ஆர்எஸ்ஏவால் சாவியை நேரடியாகப் பூட்டி அனுப்பும் பழக்கம் 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-இல் முற்றிலும் எடுக்கப்பட்டுவிட்டது. தனிச் சாவி என்றாவது ஒருநாள் திருடு போனால், முன்பு பதிவுசெய்து வைத்த உரையாடல்கள் எல்லாம் மொத்தமாகத் திறந்துவிடும் என்பதே காரணம். ஆர்எஸ்ஏ இப்போது வெப்சைட்களில் செய்வது பெரும்பாலும் கையெழுத்து வேலை: பேசுவது உங்கள் பேங்க் சர்வர்தான், நடுவில் புகுந்தவர் அல்ல என்று உறுதிசெய்வது.

வாட்ஸ்அப்பும் சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பும் சாவி ஒப்புக்கொள்ளக் கர்வ்25519 என்ற நீள்வட்ட வளைகோட்டைப் பயன்படுத்துகின்றன. அதிலும் பகா எண் உண்டு, ஆனால் பாத்திரம் முற்றிலும் வேறு. 2^255 − 19 என்ற 77 இலக்கப் பகா எண்தான் அதன் அடித்தளம், பெயரிலேயே அது எழுதியிருக்கிறது. யாரும் அதை மறைப்பதில்லை, உலகம் முழுவதும் எல்லாப் போன்களும் ஒரே எண்ணையே பயன்படுத்துகின்றன. அங்கே பகா எண் எதற்கு என்றால், பகா எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கு செய்யும்போது, பூஜ்யம் தவிர எந்த எண்ணாலும் சுத்தமாக வகுக்க முடியும். வளைகோட்டுக் கணக்கு முழுவதும் அந்த வகுத்தலை நம்பியிருக்கிறது. ரகசியம் ஒவ்வொரு போனும் தனக்குள் தற்செயலாக எடுக்கும் வேறொரு எண்ணில் இருக்கிறது. கடினமும் பிரிப்பதில் இல்லை, வளைகோட்டில் ஒரு புள்ளியிலிருந்து எத்தனை தாவல் தாவி இன்னொரு புள்ளிக்கு வந்தோம் என்று கண்டுபிடிப்பதில். ஆகவே 'பெரிய பகா எண் ரகசியம்' என்பது ஆர்எஸ்ஏவுக்கு அப்படியே பொருந்தும், உங்கள் வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பொருந்தாது.

கடைசியாக, இதெல்லாம் எவ்வளவு காலம் நிற்கும். 1994-இல் பீட்டர் ஷோர், போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் எண்ணைப் பிரிப்பது, வளைகோட்டுத் தாவலைக் கண்டுபிடிப்பது இரண்டுமே எளிதாகிவிடும் என்று காட்டினார். அது கணிதத்தில் உறுதியான முடிவு. அத்தகைய கணினி எப்போது வரும் என்பதில் மட்டும்தான் உறுதியில்லை, துறையில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள். எந்த ஆண்டைக் குறித்துச் சொன்னாலும் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரையாடல்களை இப்போதே பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு திறக்கலாம் என்பதால், துறையில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. சிக்னல் 2023-இல், குவாண்டம் கணினியையும் தாங்கும் என்று கருதப்படும் ஒரு புதுவகைப் பூட்டைக் கூடுதலாகச் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் நிஸ்ட், அதே நோக்கத்துக்கான எம்எல்-கெம் என்ற முறையைத் தரமாக வெளியிட்டது. அதன் கணக்கும் ஒரு பகா எண்ணின் மீதிகளில்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பகா எண் 3329. எல்லாருக்கும் தெரிந்தது, நான்கே இலக்கம். அதன் பாதுகாப்பு பகா எண்ணின் அளவில் இல்லை. வேண்டுமென்றே சிறு பிழைகள் கலந்த ஏராளமான சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினம் என்பதில் இருக்கிறது. அந்தக் கடினத்துக்கும் இன்னும் நிரூபணம் கிடையாது.